தினமும் ஒரு குறுங்காணொளி: கேப்ஷன் டெம்ப்ளேட்டில் எதை நிலையாக வைப்பது, எதை மாற்றுவது?

தையல்மேசை:

அனைவருக்கும் வணக்கம். துணிகளில் நேரும் சிறு பழுதுகளைக் கையால் சரிசெய்வது எப்படி என்று தினமும் ஒரு குறுங்காணொளி வெளியிட்டு வருகிறேன். படம் பிடிப்பது, பேசுவது, வெட்டி ஒட்டுவது எல்லாம் நானே. ஒவ்வொன்றும் 30 நொடிக்குள் முடிந்துவிடும். படம் பிடிக்க 20 நிமிடமும் வெட்டி ஒட்ட 15 நிமிடமும் ஆகின்றன. ஆனால் திரையில் பேச்சை எழுத்தாகப் போடும் வேலைக்கு மட்டும் கிட்டத்தட்ட 50 நிமிடம் போய்விடுகிறது. செயலி தானாக எழுதித் தரும் வரிகளைத் திருத்துவது, நீளமானவற்றை உடைப்பது, அளவையும் நிறத்தையும் இடத்தையும் மறுபடி பொருத்துவது என்று ஒவ்வொரு நாளும் முதலிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு முறை உருவாக்கி வைத்துக்கொண்டு தினமும் பயன்படுத்தக்கூடிய கேப்ஷன் டெம்ப்ளேட் ஒன்றைச் செய்ய விரும்புகிறேன். எழுத்துருவையும் நிறத்தையும் சேமித்து வைக்கத் தெரியும். அதைச் செய்தும் ஐந்து நிமிடம்தான் மிச்சமானது. மீதி நேரம் எங்கே போகிறது என்பதும், டெம்ப்ளேட்டுக்குள் வேறு எதையெல்லாம் வைக்க வேண்டும் என்பதும் எனக்குப் பிடிபடவில்லை. நாள்தோறும் வெளியிடுபவர்கள் தங்கள் முறையைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

விளக்கவரி:

நான் இதற்கு ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். முதல் வரியில் காணொளி தீர்க்கும் சிக்கல், இரண்டாம் வரியில் தேவையான பொருள்கள், மூன்றாம் வரியில் பார்வையாளரிடம் ஒரு கேள்வி, கடைசியில் எப்போதும் மாறாத ஹேஷ்டேக் மூன்று. இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்துவரை இடமிருந்தாலும் முதல் ஒன்றிரண்டு வரிகளுக்குப் பிறகு மடித்து மறைத்துவிடுகிறார்கள் என்பதால் முக்கியமானது முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். யூடியூபில் தலைப்புக்கு 100 எழுத்துதான் என்பதால் அதே முதல் வரியைச் சுருக்கித் தலைப்பாக வைத்துக்கொள்கிறேன். இரண்டு நிமிட வேலை. உங்களுக்கு 50 நிமிடம் எப்படி ஆகிறது என்பது வியப்பாக இருக்கிறது.

தையல்மேசை:

மன்னிக்கவும், தெளிவில்லாமல் கேட்டுவிட்டேன். நீங்கள் சொல்வது காணொளிக்குக் கீழே வரும் விளக்கம். நான் கேட்பது காணொளிக்கு மேலேயே, பேச்சோடு சேர்ந்து ஓடும் எழுத்துகளைப் பற்றி. இருந்தாலும் சிக்கலை முதல் வரியில் வைக்கும் உங்கள் யோசனையைக் குறித்துக்கொண்டேன்.

ஒருநிமிடக்காரர்:

இது மிக எளிது. நேற்றைய பிராஜெக்டை நகலெடுங்கள், படத்தை மாற்றுங்கள், எழுத்துப் பெட்டிகளின் மேல் புதிய வரிகளைத் தட்டுங்கள். என் டெம்ப்ளேட்டில் பத்துப் பெட்டிகள், ஒவ்வொன்றும் 3 நொடி. மொத்தம் 30 நொடி. எழுத்துரு, அளவு, நிறம், இடம், தோன்றும் விதம் எல்லாம் அப்படியே இருக்கும். பெட்டிக்கேற்பப் பேசப் பழகிவிட்டால் நேரத்தைத் தொடவே வேண்டியதில்லை. நான் எட்டு நிமிடத்தில் முடிக்கிறேன். செயலி தானாக எழுதித் தருவதை நம்பியதுதான் உங்கள் தவறு என்பது என் கருத்து.

எழுத்துக்கட்டம்:

ஒருநிமிடக்காரர் சொல்வதில் முதல் பாதி சரி. நகலெடுத்து எழுத்தை மட்டும் மாற்றுவதுதான் டெம்ப்ளேட்டின் உயிர். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் 3 நொடி என்று கட்டிவைப்பது, முகத்தை மட்டும் காட்டிப் பேசுபவருக்குப் பொருந்தலாம். கையால் செய்துகாட்டுபவருக்குப் பொருந்தாது. ஊசியில் நூல் கோக்கும்போது பேச்சு நிற்கும். கைக்கேற்பத்தான் வாய் போகும். பெட்டிக்கேற்பப் பேச முயன்றால் ஐந்தாம் பெட்டிக்குள் பேச்சு முந்திவிடும் அல்லது பிந்திவிடும்; அதன் பிறகு எல்லாப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். மிச்சப்படுத்திய நேரம் அங்கேயே கரைந்துவிடும்.

தையல்மேசை அவர்களே, உங்கள் 50 நிமிடத்தில் பெரும்பகுதி எங்கே போகிறது என்று ஒரு நாள் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் அது அலங்காரத்தில் போவதில்லை. பேசி முடித்த பிறகு, பேசியதை எழுத்தாக்கி, எங்கே உடைப்பது என்று முடிவெடுப்பதில்தான் போகிறது. ஒரு வரியை எங்கே வெட்டுவது என்ற முடிவை ஒரு காணொளிக்கு இருபது முறை, அதுவும் சிறிய திரையில், எடிட்டிங் செயலியின் பெட்டிக்குள் இருந்துகொண்டு எடுக்கிறீர்கள். அந்த முடிவுகளைப் படம் பிடிப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

எப்படியென்றால், பேசப்போவதைப் பத்தியாக எழுதாமல் கேப்ஷனாகவே எழுதுங்கள். ஓர் அட்டைக்கு இரண்டு வரி. வரிக்கு 15 எழுத்துக்கு மேல் வேண்டாம். எழுத்து என்று நான் சொல்வது கண்ணுக்குத் தெரியும் எழுத்தை: 'கொ' ஒன்று, 'ட்' ஒன்று. கணினி காட்டும் எண்ணிக்கையை நம்பினால் அது 'ட்' என்பதை இரண்டாக எண்ணி உங்களைக் குழப்பும். இந்த 15 என்பது 1080-க்கு 1920 அளவுள்ள நெடுக்குத் திரையில், கைபேசியைக் கை நீட்டிய தூரத்தில் வைத்துப் படிக்கும் அளவுக்குத் தடித்த எழுத்தை வைத்து நான் அளந்து பார்த்துக் கண்டது. உங்கள் எழுத்துருவுக்கு அது 13 ஆகவோ 17 ஆகவோ இருக்கலாம். ஒரு முறை அளந்து டெம்ப்ளேட்டின் தலையில் எழுதிவைத்துவிடுங்கள்.

நீங்கள் அடுத்து எடுக்கவிருக்கும் காணொளி எதுவென்று சொன்னால் அதையே பிரித்துக் காட்டுகிறேன்.

தையல்மேசை:

மிக்க நன்றி. நாளைக்குச் சட்டைப் பட்டன் தைப்பது. நான் பேச நினைத்திருப்பது இது: "பட்டனைத் துணியோடு ஒட்டித் தைத்துவிட்டால் அதைத் துளையில் மாட்டும்போது துணி இழுபட்டுச் சுருங்கிவிடும் என்பதால், பட்டனுக்கு மேலே ஒரு தீக்குச்சியை வைத்து நூல் அதன் மேலாகப் போய் வருமாறு தைத்து, முடிந்ததும் குச்சியை உருவிவிட்டு, அப்போது தளர்ந்து நிற்கும் நூலைப் பட்டனுக்கு அடியில் ஐந்தாறு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும்."

எழுத்துக்கட்டம்:

நல்ல உத்தி; எனக்கே தெரியாது. ஆனால் இது ஒரே வாக்கியம். கடைசிச் சொல்லான 'வேண்டும்' வரும்வரை கேட்பவர் எதையும் இறக்கிவைக்க முடியாது. காதுக்கு இது ஓரளவு இயல்பு. இரண்டு வரி அட்டையாக உடைக்கும்போது ஒவ்வோர் அட்டையும் அந்தரத்தில் தொங்கும். செயலி தானாக உடைத்துத் தரும் வரிகள் உங்களுக்குப் பிடிக்காமல் போவதற்கும் இதுவே காரணமாக இருக்கும். அது ஒலி இடைவெளியையோ எழுத்து எண்ணிக்கையையோ பார்த்து வெட்டுகிறது. வினையெச்சங்களால் கோத்த வாக்கியத்தில் எங்கே வெட்டினாலும் பாதிதான் கிடைக்கும்.

நான் இப்படிப் பிரிப்பேன்:

```
பட்டனைத் துணியோடு
ஒட்டித் தைத்தால்

துளையில் மாட்டும்போது
துணி சுருங்கும்

பட்டனுக்கு மேல்
ஒரு தீக்குச்சி வையுங்கள்

நூல் குச்சியின் மேலே
போய் வரட்டும்

தைத்ததும் குச்சியை
உருவிவிடுங்கள்

தளர்ந்த நூலை
அடியில் சுற்றி முடியுங்கள்
```

ஆறு அட்டைகள். முதல் அட்டை மட்டும் அடுத்ததை எதிர்பார்த்து நிற்கிறது. மற்றவை தாமாகவே முடிகின்றன. 'ஐந்தாறு சுற்று' என்பதை விட்டுவிட்டேன், ஏனென்றால் அதைக் கையே காட்டிவிடும். இதைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, அட்டைக்கு அட்டை மூச்சு விட்டுப் பேசுங்கள். அட்டையில் உள்ளதையே பேசினால் பிறகு திருத்த வேண்டியது எதுவும் இருக்காது. எடிட்டிங்கில் எஞ்சியிருப்பது ஆறு தொடக்கங்களையும் ஆறு முடிவுகளையும் ஒலி அலையோடு பொருத்துவது மட்டுமே.

உடைப்பதற்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: ஒட்டிப் பிறந்ததைப் பிரிக்காதே. 'தைத்துக்' என்று ஓர் அட்டை முடிந்து 'கொள்ளுங்கள்' என்று அடுத்தது தொடங்கக் கூடாது. 'ஒரு' என்ற சொல் வரியின் கடைசியில் தனியே நிற்கக் கூடாது. வேற்றுமை உருபு ஏற்ற பெயருக்குப் பின்னும் எச்ச வினைக்குப் பின்னும் வெட்டினால் பெரும்பாலும் காதுக்கு உறுத்தாது.

கணக்குவாத்தியார்:

எனக்கு வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. நான் பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கேப்ஷனைத் தொலைக்காட்சியில் வருவதுபோல் அடியில் வைத்தேன். வெளியிட்ட பிறகு பார்த்தால் பெயரும் விளக்கமும் அதன் மேல் ஏறி நிற்கின்றன. சற்று உயர்த்தினால் பலகையின் கடைசி வரி மறைகிறது. மேலே வைத்தால் என் தலைக்கு மேல் கிரீடம்போல் இருக்கிறது என்று மாணவர்கள் சிரிக்கிறார்கள். எடிட்டிங் செயலியில் எல்லாம் அழகாகவே தெரிகிறது என்பதுதான் வேடிக்கை.

எழுத்துக்கட்டம்:

ஐயா, எடிட்டிங் செயலியில் திரை காலியாக இருக்கிறது; வெளியிடும் தளத்தில் அடியில் பெயரும் விளக்கமும், வலப்பக்கம் பொத்தான்களும், மேலே சில குறிகளும் வந்து அமர்ந்துகொள்கின்றன. இவை தளத்துக்குத் தளம் வேறுபடும், அவ்வப்போது மாறவும் செய்யும். அதனால் இத்தனை பிக்ஸல் என்று யாராவது சொல்வதை மனப்பாடம் செய்வதைவிட நீங்களே அளப்பது நல்லது. ஏற்கெனவே வெளியான உங்கள் காணொளி ஒன்றைத் தளத்தில் ஓடவிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதை டெம்ப்ளேட்டில் மேலடுக்காக வைத்துப் பாதி ஒளிபுகும்படி மங்கலாக்குங்கள். கைபேசித் திரை காணொளியைவிட உயரமாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டில் மேலும் கீழும் உள்ள வெற்றுப் பகுதியை வெட்டிவிட்டுப் பொருத்துங்கள். இல்லையென்றால் அளவு தவறும். எந்தப் பொத்தானும் தொடாத செவ்வகம் எது என்று கண்ணுக்கே தெரியும். நீங்கள் வெளியிடும் எல்லாத் தளங்களுக்கும் இப்படிச் செய்து, எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கிடைக்கும் செவ்வகத்தில் மட்டும் எழுத்தை வையுங்கள். வெளியிடுமுன் அந்த மேலடுக்கை மறைத்துவிட மறக்க வேண்டாம். நான் ஒரு முறை மறந்து, பொய்ப் பொத்தான்களோடு வெளியிட்டிருக்கிறேன்.

1920 உயரத்தில் என் வரியின் அடி, திரையின் அடியிலிருந்து 560-இல் நிற்கிறது. பக்கவாட்டில் இருபுறமும் 150 விட்டிருக்கிறேன். வலப்பக்கம் மட்டும் கூடுதலாக விட்டால் எழுத்து இடப்பக்கம் சாய்ந்ததுபோல் தோன்றும்.

உங்கள் பலகைக்கு வேறு வழி: கேப்ஷனை நகர்த்தாதீர்கள், கேமராவை நகர்த்துங்கள். எழுத்துக்கான செவ்வகத்தை முதலில் முடிவுசெய்து, அதில் பலகையின் எழுதாத பகுதி விழும்படி சட்டகம் வைத்து, தரையில் முக்காலியின் கால்களுக்கு டேப் ஒட்டிவிடுங்கள். டெம்ப்ளேட் என்பது எடிட்டிங் செயலியோடு முடிந்துவிடுவதில்லை.

கணக்குவாத்தியார்:

டேப் ஒட்டிவிட்டேன். பலகையின் கீழ்க் கால்பகுதியை இனிக் கேப்ஷனுக்குத் தானமாகக் கொடுக்க வேண்டியதுதான்.

ஒருநிமிடக்காரர்:

ஒன்றை மறந்துவிட்டீர்கள். எழுத்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு ஆவதுபோல் தோன்றும் அசைவை டெம்ப்ளேட்டிலேயே சேர்த்துவிடுங்கள். அசையாமல் நிற்கும் எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆங்கிலக் காணொளிகளில் எல்லாம் இப்படித்தான்.

எழுத்துக்கட்டம்:

தமிழில் அதைச் செய்யுமுன் ஒரு முறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பல செயலிகளில் அந்த அசைவு நாம் காணும் எழுத்தை அலகாகக் கொள்வதில்லை, கணினி சேமித்திருக்கும் குறியீட்டை அலகாகக் கொள்கிறது. 'பட்டன்' என்ற சொல்லில் புள்ளி தனிக் குறியீடு. ஆகவே முதலில் 'பட' என்று வந்து, பிறகு புள்ளி ஏறி 'பட்' ஆகும். 'தை' என்பதில் முதலில் 'த' வரும். அடுத்த கணம் அதன் இடப்பக்கத்தில் ஐகாரக் குறி முளைத்து 'த'வை வலப்பக்கம் தள்ளும். முழு வரியும் நடுங்குவதுபோல் இருக்கும். இன்னும் மோசமான செயலிகளில் குறி தனியே பிரிந்து, புள்ளிகளால் ஆன வட்டத்தோடு ஒரு சட்டகம் தெரிந்து மறையும். ஓட்டத்தில் பார்த்தால் ஏதோ உறுத்துகிறது என்று மட்டும் படும். சட்டகம் சட்டகமாக நகர்த்தினால்தான் காரணம் தெரியும்.

அசைவு வேண்டுமென்றால் சொல்லை அலகாக வையுங்கள். சொல் முழுதாகத் தோன்றினால் இந்தச் சிக்கல் இல்லை. எழுத்து இடைவெளியைக் கூட்டும் அமைப்பையும் சுழியத்திலேயே விட்டுவிடுங்கள். சில செயலிகளில் அது 'கொ'வின் கொம்பையும் காலையும் 'க'விலிருந்து விலக்கிவிடும். புதிய எழுத்துருவையோ செயலியையோ சோதிக்க நான் வைத்திருக்கும் வரி: "கொக்கு ஸ்ரீ நௌ பெய்து". இது சரியாக வந்தால் மற்றவையும் பெரும்பாலும் வரும்.

ஒருநிமிடக்காரர்:

நிறுத்திப் பார்த்தேன். உண்மைதான், 'பட' வருகிறது. இத்தனை நாளாக யாரும் சொல்லவில்லை. சொல்லளவு அசைவுக்கு மாற்றிவிட்டேன். இப்போது பெட்டிக்கு 3 நொடி வைத்திருக்கிறேன், ஆனால் அட்டைக்கு ஒரு நொடியே போதும் என்று தோன்றுகிறது. வேகமாக மாறினால்தான் பார்ப்பவர் விரலைத் தள்ளாமல் இருப்பார்.

ஒலியில்லாவாசகி:

இந்த இடத்தில் நான் குறுக்கிடலாம் என்று நினைக்கிறேன். எனக்குக் கேட்கும் திறன் மிகக் குறைவு. குறுங்காணொளிகளைக் கேப்ஷனை வைத்துத்தான் பார்க்கிறேன். மற்றவர்களுக்கு அது துணை, எனக்கு அது மட்டுமே வழி. ஒரு நொடியில் மாறும் அட்டையைப் படித்துவிடலாம். ஆனால் படிக்கும்போது கையைப் பார்க்க முடியாது. தையல் போன்றவற்றில் கண் இரண்டு இடத்துக்கும் போய்வர வேண்டும். முக்கியமான கைவேலை நடக்கும் அதே கணத்தில் அட்டை மாறினால், கண் தானாக எழுத்துக்குத் தாவி, நூல் எந்தத் துளையில் போனது என்பதைத் தவறவிடுகிறேன்.

பேச்சு முடிந்ததும் சட்டென்று அட்டையை எடுத்துவிடாமல் அரை நொடியாவது நிற்கவிடுங்கள். பேசாமல் செய்யும் இடத்தில் அட்டை இல்லாமலிருப்பது நல்லது; ஆனால் அங்கே கேட்க வேண்டிய ஓசை ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். நூலை இழுத்ததும் 'டக்' என்று முடிச்சு விழுகிறது என்று ஒருவர் பேச்சில் சொல்லாமல் ஓசையாகவே விட்டுவிட்டார். முடிச்சு விழுந்ததா, நூல் அறுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

எழுத்துக்கட்டம்:

அம்மா, அந்த அரை நொடியை நான் டெம்ப்ளேட்டில் சேர்த்துக்கொள்கிறேன். என் வழக்கம் இரண்டு வரி அட்டைக்குக் குறைந்தது 2 நொடி. ஆனால் பேச்சு முடிந்ததும் எடுத்துவிடுவேன். கை வேலை செய்யும்போது அட்டை மாறக் கூடாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஓசைக்கென்று ஒரு தனிப் பாணியும் வேண்டும், பேச்சோடு கலக்காதபடி சாய்வாகவோ வேறு நிறத்திலோ.

கட்டளைவரி:

நான் கணினியில் வேலை செய்பவன். வரிகளைச் சாதாரண உரைக் கோப்பில் எழுதி, Subtitle Edit நிரலில் இறக்குமதி செய்து, ஒலி அலையைப் பார்த்து நேரம் குறித்து, SRT ஆகச் சேமித்து, ffmpeg மூலம் படத்தில் பதிக்கிறேன். பாணி முழுவதும் ஒரே கட்டளையில் இருப்பதால் அந்தக் கட்டளைதான் என் டெம்ப்ளேட். எழுத்துக்கட்டம் கொடுத்த அளவுகளை, அதாவது அடியிலிருந்து 560, பக்கத்தில் 150, இவற்றோடு என் எழுத்தளவு 68-ஐயும் அப்படியே போட்டேன். திரையில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. எங்கே தவறினேன்?

எழுத்துக்கட்டம்:

தவறு உங்களுடையதன்று. SRT கோப்பில் திரையளவு பற்றிய செய்தி இல்லை. ffmpeg அதை உள்ளுக்குள் மாற்றும்போது 384-க்கு 288 என்ற கற்பனைத் திரையை வைத்துக்கொள்கிறது. நீங்கள் கொடுக்கும் எண்களெல்லாம் அந்தத் திரையின் எண்கள். எனவே உயரம் சார்ந்தவற்றை 1920-ஆல் வகுத்து 288-ஆல் பெருக்குங்கள்; அகலம் சார்ந்தவற்றை 1080-ஆல் வகுத்து 384-ஆல் பெருக்குங்கள். 560 என்பது 84 ஆகும், 68 என்பது ஏறத்தாழ 10, 150 என்பது 53.

```
ffmpeg -i indru.mp4 -vf "subtitles=indru.srt:force_style='FontName=Noto Sans Tamil,Fontsize=10,MarginV=84,MarginL=53,MarginR=53'" -c:a copy mudivu.mp4
```

SRT கோப்பை UTF-8 ஆகச் சேமிக்க வேண்டும். பழைய பாமினி முறையில் தட்டிய உரை உங்களிடம் இருந்தால் அதை முதலில் யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திரையில் ரோமன் எழுத்துகள்தான் ஓடும்.

கட்டளைவரி:

84 போட்டதும் இடத்தில் வந்து அமர்ந்துவிட்டது. நன்றி. ஆனால் கைபேசியில் எடுத்த படத்தில் முதல் அட்டை சரியாகவும் கடைசி அட்டை ஏறத்தாழ அரை நொடி தள்ளியும் வருகிறது.

எழுத்துக்கட்டம்:

எல்லா அட்டைகளும் ஒரே அளவு தள்ளியிருந்தால் தொடக்கத்தில் ஏதோ வெட்டுப்பட்டிருக்கும். போகப்போகத் தள்ளிக்கொண்டே போனால் சட்டக வேகத்தைச் சந்தேகியுங்கள். கைபேசிகள் பெரும்பாலும் ஒரே சீரான வேகத்தில் பதிவதில்லை. ஒளி குறைந்தால் வேகமும் குறையும். அதை நொடிக்கு 30 சட்டகம் என்று எண்ணிக்கொள்ளும் நிரல் தவறுகிறது. நேரம் குறிப்பதற்கு முன்பே படத்தைச் சீரான வேகத்துக்கு மாற்றி ஏற்றுமதி செய்து, அந்தப் பிரதியை வைத்தே நேரம் குறியுங்கள்.

தையல்மேசை:

மூன்று நாள் முயன்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். முதல் நாள் பட்டன் காணொளியை எழுத்துக்கட்டம் பிரித்துக் கொடுத்தபடியே பேசினேன். அட்டைகளை முன்கூட்டி எழுதுவதற்கு 12 நிமிடம், எடிட்டிங்கில் பொருத்துவதற்கு 9 நிமிடம். 50 நிமிடம் 21 ஆகிவிட்டது. பேச்சும் தானாகவே கச்சிதமாகிவிட்டது; 28 நொடியில் முடிக்க வேண்டியதை 22 நொடியில் முடித்தேன்.

இரண்டாம் நாள் சறுக்கினேன். முந்தைய நாள் பிராஜெக்டை நகலெடுத்து ஐந்து அட்டைகளை மாற்றினேன். அன்றைய காணொளிக்கு ஐந்துதான் தேவைப்பட்டன. ஆறாவது அட்டை அங்கேயே தங்கிவிட்டது. கிழிந்த பாக்கெட்டைத் தைத்து முடிக்கும் இடத்தில் "தளர்ந்த நூலை அடியில் சுற்றி முடியுங்கள்" என்று வந்து, எந்த நூலை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

எழுத்துக்கட்டம்:

நேற்றைய பிராஜெக்டை ஒருபோதும் நகலெடுக்காதீர்கள். தாய்ப் பிரதி ஒன்றைத் தனியே வைத்து, அதை மட்டும் நகலெடுங்கள். அதில் ஒவ்வொரு பெட்டியிலும் "நிரப்புக 1", "நிரப்புக 2" என்று பளிச்சென்ற மஞ்சளில் எழுதிவையுங்கள். நேற்றைய வாக்கியம் இன்றைக்கும் கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும், அதனால்தான் தப்பிவிடுகிறது. மஞ்சள் பெட்டி தப்பாது. மாற்றி எழுதும்போதே அதன் நிறத்தை வெள்ளைக்குக் கொண்டுவருவது கூடுதல் வேலைதான். ஆனால் எதை முடித்தோம் என்பதற்கு அதுவே குறி. எஞ்சிய மஞ்சள் பெட்டிகளை நீக்கிய பிறகே ஏற்றுமதி.

விளக்கவரி:

முதலில் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன், இருந்தாலும் ஒன்று சேர்க்கிறேன். அட்டைகள் ஏற்கெனவே உரைக் கோப்பில் இருப்பதால் முதல் இரண்டு அட்டைகளை ஒட்டினால் விளக்கத்தின் முதல் வரி கிடைத்துவிடுகிறது: "பட்டனைத் துணியோடு ஒட்டித் தைத்தால் துளையில் மாட்டும்போது துணி சுருங்கும்." தனியே எழுத வேண்டியதில்லை. இன்று அப்படித்தான் வெளியிட்டேன்.

தையல்மேசை:

அருமை, அதையும் சேர்த்துக்கொள்கிறேன். எனக்கு இன்னும் ஒரு குழப்பம் இருக்கிறது. இன்றைய அட்டையில் "ஊசியைக்" என்று முதல் வரி முடிந்து "கீழிருந்து குத்துங்கள்" என்று இரண்டாம் வரி தொடங்குகிறது. வரியின் ஓரத்தில் அந்த ஒற்று தனியே நிற்பது பார்க்க ஒரு மாதிரியாக இருக்கிறது. விட்டுவிட்டால் பிழையாகிவிடுமா?

கணக்குவாத்தியார்:

பிழைதான். இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் வந்தால் மிகும். வரி மடிந்தாலும் வாக்கியம் ஒன்றுதான். புத்தகத்தில் வரி மடியும் இடத்தில் ஒற்றை நீக்குகிறார்களா?

ஒருநிமிடக்காரர்:

புத்தகத்தில் இரண்டு வரியும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும். இங்கே சொல் சொல்லாகத் தோன்றும்போது 'ஊசியைக்' மட்டும் ஒரு கணம் தனியே நிற்கிறது. நான் எடுத்துவிடுகிறேன்.

எழுத்துக்கட்டம்:

ஒரே அட்டைக்குள் வரி மடிந்தால் ஒற்றை வைக்கிறேன். கணக்குவாத்தியார் சொல்வதுதான் முறை. ஓர் அட்டை முடிந்து அடுத்த அட்டை தொடங்கும் இடத்தில் எடுத்துவிடுகிறேன், ஏனென்றால் அங்கே பேச்சிலும் மூச்சு விழுகிறது, புணர்ச்சி நிகழ்வதில்லை. இதை இலக்கணம் அறிந்தவர்கள் ஏற்பார்களா என்பது வேறு. முடிந்தவரை அந்த இடத்தில் உடைக்காமல் "கீழிருந்து / ஊசியைக் குத்துங்கள்" என்று மாற்றிப் போட்டுத் தப்பித்துக்கொள்கிறேன்.

கணக்குவாத்தியார்:

தப்பித்துக்கொள்வது விடையாகாது. அட்டை மாறினாலும் வாக்கியம் மாறவில்லை என்பதே என் நிலை.

ஒலியில்லாவாசகி:

எனக்கு அந்த ஒற்று உதவுகிறது. 'ஊசியைக்' என்று முடிந்தால் வாக்கியம் இன்னும் முடியவில்லை, அடுத்த அட்டை வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு கண்ணை எழுத்திலேயே வைத்திருக்கிறேன். ஒற்று இல்லையென்றால் கைக்குப் போய்விடுகிறேன்.

தையல்மேசை:

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அப்படியானால் என் டெம்ப்ளேட்டில் இப்போதைக்கு ஒற்று இருக்கட்டும். நாளைக்கு ஜிப் மாற்றும் காணொளி. அதில் என் அக்காவும் பேசுகிறார். இருவர் பேச்சுக்கும் ஒரே பாணி போதுமா, வேறு நிறம் வேண்டுமா என்று எழுதிவைத்த அட்டைகளோடு நாளை மாலை கேட்கிறேன்.